ஹரகத் அழியாமல் தாளைச் சேமித்தல்



எங்கள் பள்ளிவாசலின் மாலை மக்தபுக்கு ஆண்டுதோறும் ஒரு பாடக்குறிப்பு அச்சாகிறது. அன்றாட துஆக்கள், அரபு வாசிப்புப் பயிற்சி, ஒவ்வொன்றின் கீழும் தமிழ்ப் பொருள் என 96 பக்கங்கள் கொண்ட பிடிஎஃப் கோப்பு அது. ஓதும் பிள்ளைகள் 24 பேர். அதை அச்சிட்டுக் கொண்டுவரும் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. செலவு ஜமாஅத்தின் பொதுப்பணம் என்பதால், எத்தனை தாள் என்று எவரேனும் கேட்டால் கணக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

பொறுப்பை ஏற்ற நாளில் ஹஜ்ரத் என்னை மக்தபின் பின்னறைக்கு அழைத்துச் சென்று ஒரு சாக்கு மூட்டையைக் காட்டினார். தாள் மிச்சமாகட்டும் என்று எப்போதோ, யாரோ, ஒரு தாளில் நான்கு பக்கங்களாக அச்சிட்டுக் கொடுத்த குறிப்புகள் அதில் இருந்தன. பிள்ளைகளால் அவற்றை வாசிக்க முடியவில்லை. குப்பையில் போடவும் வழியில்லை. அல்லாஹ்வின் பெயரும் இறைவசனங்களும் உள்ள தாளைக் கால்படும் இடத்தில் எறிய நாம் துணிவதில்லை. மண்ணில் புதைப்பதற்கோ, முறைப்படி எரிப்பதற்கோ ஒரு நாளை எதிர்பார்த்து மூட்டை மூலையில் காத்திருந்தது. “மிச்சம் பிடிச்ச தாளுதான் இது. இப்ப இதையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டியிருக்கு” என்றார் ஹஜ்ரத். வேறு எந்தத் தாளைச் சிறிதாக அச்சிட்டுப் பயனற்றுப்போனாலும் பழைய தாள்காரரிடம் போட்டுவிடலாம். நம் குறிப்புகளுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே முதலில் எவ்வளவு மிச்சமாகிறது என்பதையே கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு தாளின் ஒரு புறத்தில் ஒரு பக்கம் என்று அச்சிட்டால் 24 படிகளுக்கு 2304 தாள்கள் தேவை. தாளின் இரு புறமும் அச்சிட்டால் 1152. இரு புறமும், ஒவ்வொரு புறத்திலும் இரண்டு பக்கங்கள் என்றால் 576. நான்கு பக்கங்கள் என்றால் 288. முதல் படியில் 1152 தாள்கள் மிஞ்சுகின்றன. இரண்டாம் படியில் 576 மிஞ்சுகின்றன. மூன்றாம் படியில் மிஞ்சுவது 288தான். பிள்ளை ஒன்றுக்கு வெறும் 12 தாள்கள். ஒவ்வொரு படியிலும் சேமிப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் எழுத்தின் அளவில் நாம் கொடுக்கும் விலை குறைவதில்லை. எழுத்தைச் சிறிதும் சுருக்காத முதல் படியில்தான் மிகப் பெரிய சேமிப்பு இருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இரு புற அச்சைக் கேட்காமலேயே நான்கு பக்கங்களுக்குத் தாவுபவர்கள் பலரை ஜெராக்ஸ் கடையில் பார்த்திருக்கிறேன்.

எழுத்து எவ்வளவு சுருங்குகிறது? ஏ4 தாளின் அளவு 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர். அதைக் கிடைமட்டமாகத் திருப்பி இரண்டு ஏ4 பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கணக்குப்படி ஒவ்வொன்றும் 71 விழுக்காட்டுக்குச் சுருங்கும். அச்சு இயந்திரங்கள் தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டரில் மை பதிப்பதில்லை. அதையும் கழித்தால் 68 விழுக்காடு. நான்கு பக்கங்கள் என்றால் 48 விழுக்காடு. எங்கள் குறிப்பில் தமிழ் எழுத்து 11 பாயிண்ட், அரபு எழுத்து 16 பாயிண்ட். தாளில் இரண்டு பக்கங்கள் என்றால் தமிழ் ஏழரைப் பாயிண்ட், அரபு 11 பாயிண்டுக்குச் சற்றுக் குறைவு. நான்கு என்றால் தமிழ் ஐந்தே கால், அரபு ஏழே முக்கால்.

எண்களை மட்டும் பார்த்தால் அரபுக்கு இடர் குறைவு என்றும், தமிழே முதலில் வாசிக்க இயலாததாகும் என்றும் தோன்றும். நடப்பது வேறு. தமிழில் புள்ளியும் சுழியும் எழுத்தோடு சேர்ந்த உறுப்புகள். சிறிய அளவில் முதலில் குழம்புபவை றன்னகரத்தின் இரண்டு சுழியும் டண்ணகரத்தின் மூன்று சுழியும். அடுத்து, எகர ஏகாரக் கொம்புகளின் வேறுபாடு. பிறகு மெய்யெழுத்தின் புள்ளி. இவை குழம்பினாலும், தமிழ் நம் தாய்மொழி ஆகையால் சொல்லின் போக்கை வைத்துப் பிள்ளை சரியாகவே வாசித்துவிடும். அரபு அப்படியன்று. அங்கே குறில் உயிரொலி முழுவதும் எழுத்துக்கு மேலும் கீழும் இடப்படும் ஹரகத்தில் இருக்கிறது. 16 பாயிண்ட் எழுத்தில் ஒரு ஸபரின் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். நான்கு பக்க அச்சில் அது அரை மில்லிமீட்டராகிறது. அரபு தெரியாத பிள்ளைக்குச் சொல்லின் போக்கு உதவாது; கண்ணில் படும் குறியே எல்லாம்.

அந்தக் குறி எவ்வளவு பெரியது என்பதற்கு ஃபாத்திஹாவிலேயே சான்று இருக்கிறது. ‘அன்அம்த’ என்பதன் இறுதித் தாவுக்கு ஸபர். நீ அருள் செய்தாய் என்று பொருள். அங்கே பேஷ் போட்டு ‘அன்அம்து’ என்றால் நான் அருள் செய்தேன் என்றாகிவிடும். பேஷின் சிறு தலை மையில் அடைபட்டால் அது தடித்த கோடாகத் தெரியும். ஸபர் மங்கினால் ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். இன்னும் நுட்பமானது ஷத்துடன் வரும் ஸேர். கணினி எழுத்துருக்கள் பலவற்றில் அந்த ஸேர் எழுத்துக்குக் கீழே வராமல், எழுத்துக்கு மேலேயே ஷத்துக்கு அடியில் அமர்கிறது. ஸபராக இருந்தால் ஷத்துக்கு மேலே அமரும். அதாவது ஒரு மெல்லிய கோடு ஷத்துக்கு மேலா கீழா என்பதே இரண்டுக்கும் வேறுபாடு. எழுத்து சுருங்கும்போது முதலில் ஒட்டிக்கொள்வது இந்த இடம்தான். ஒரு குறிப்பை எவ்வளவு சுருக்கலாம் என்று தீர்மானிக்க, அதில் உள்ள ஷத்து ஸேரைத் தேடிப் பார்ப்பதே நான் கைக்கொண்ட வழி.

நான்கு பக்க அச்சு இதனால் விலக்கப்பட்டது. இரண்டு பக்க அச்சின் 68 விழுக்காடும் எனக்குப் போதவில்லை. ஏழரைப் பாயிண்ட் தமிழை எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கும். மக்ரிபுக்குப் பிந்தைய மின்விளக்கு வெளிச்சத்தில் ஒரு மணிநேரம் வாசிக்கச் சொல்வது அதன் கண்ணுக்குச் செய்யும் நியாயம் அன்று. தாளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்க ஒரே இடம் இருக்கிறது. அது வெற்று ஓரம்.

வேர்டில் எழுதும் கோப்புகளில் நான்கு புறமும் ஓர் அங்குல ஓரம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. இரண்டு பக்கங்களை ஒரு தாளில் சுருக்கும்போது எழுத்தோடு சேர்ந்து இந்த வெறுமையும் சுருங்கி அச்சாகிறது. 210 மில்லிமீட்டர் அகலப் பக்கத்தில் எழுத்து இருப்பது 159 மில்லிமீட்டரில் மட்டுமே, மிச்சம் வெள்ளை. ஓரத்தை முதலில் வெட்டிவிட்டுப் பிறகு இரண்டு பக்கங்களைச் சேர்த்தால் எழுத்து அவ்வளவு சுருங்க வேண்டியதில்லை. மூலக் கோப்பு கையில் இருந்தால் வேர்டிலேயே ஓரத்தைக் குறைக்கலாம். ஆனால் வரிகள் இடம் மாறி, துஆ ஒரு பக்கத்திலும் அதன் பொருள் அடுத்த பக்கத்திலும் போய்விடும். ஆகவே பிடிஎஃப்பையே வெட்டுவது நல்லது. Briss என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. கோப்பைத் திறந்ததும் ஒற்றைப்படைப் பக்கங்களையும் இரட்டைப்படைப் பக்கங்களையும் தனித்தனி அடுக்குகளாக, கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். எந்தப் பக்கத்தில் எழுத்து எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். இரண்டு அடுக்குகளின்மேலும் ஒரே அளவுக் கட்டத்தை இழுத்து வைத்தால் எல்லாப் பக்கங்களும் அதே அளவில் வெட்டப்பட்டுப் புதிய கோப்பாகின்றன. பழையது அப்படியே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் அதிலுள்ள எழுத்துக்கு ஏற்பத் தனித்தனியே வெட்டும் கருவிகளும் உண்டு. அவை இதற்கு ஆகா. நாலு வரி மட்டும் உள்ள கடைசிப் பக்கம் பெரிய எழுத்திலும், நிறைந்த பக்கம் சிறிய எழுத்திலும் அச்சாகும்.

வெட்டும்போது பக்க எண்ணை மறக்கக் கூடாது. வேர்டில் அது தாளின் அடி விளிம்பிலிருந்து ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் உயரத்தில், ஓரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நான்கு புறமும் சமமாக 20 மில்லிமீட்டர் வெட்டினால் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, எண் போய்விடும். “பதினேழாம் பக்கம் எடுங்க” என்று ஹஜ்ரத் சொல்லும்போது வகுப்பே திகைக்கும். ஆகவே மேலும் இரு பக்கவாட்டிலும் 20, அடியில் 10 மட்டும் வெட்டினேன். கிடைத்த பக்கம் 170க்கு 267 மில்லிமீட்டர். அதைத் தாளுக்கு இரண்டாக வைத்தபோது சுருக்கம் 68 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காட்டுக்கும் சற்று மேலே உயர்ந்தது. தமிழ் எட்டே கால் பாயிண்ட், அரபு 12 பாயிண்ட். தாளின் எண்ணிக்கையோ அதே 576.

இவ்வளவு கணக்கும் ஏ4 அளவில் உருவான கோப்புக்கு. நூல் வடிவில் வெளிவந்த பல பிடிஎஃப்களின் பக்கமே சிறியது. ஏடோபி ரீடரில் கோப்பைத் திறந்து Properties பகுதியில் Page Size என்ற வரியைப் பார்த்தால் தெரியும். டெமி அளவு நூல் என்றால் 140க்கு 216 மில்லிமீட்டர் இருக்கும். அதை ஒரு தாளுக்கு ஒரு பக்கமாக அச்சிட்டால், Fit என்ற விருப்பம் அதை ஊதிப் பெரிதாக்குகிறது. இரண்டு பக்கமாக அச்சிட்டால் 93 விழுக்காட்டில் வருகிறது. நூலில் இருந்த எழுத்துக்கும் இதற்கும் கண் வேறுபாடு காணாது. அத்தகைய கோப்பை இரண்டு பக்கமாக அச்சிடத் தயங்கக் காரணமே இல்லை. எத்தனை பக்கம் என்ற கேள்விக்கு முன்னால் எந்த அளவுப் பக்கம் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

இனி அச்சு. ரீடரின் அச்சுப் பெட்டியில் Multiple என்பதைத் தேர்ந்து, Pages per sheet என்ற இடத்தில் 2 என்று கொடுக்க வேண்டும். Print page border என்பதைக் குறித்தால் இரண்டு பக்கங்களையும் பிரிக்கும் கோடு வரும். ஓரம் வெட்டிய கோப்பில் அந்தக் கோடு உதவியாக இருக்கிறது. Page order என்பதில் தமிழ் வரிசையில் போகும் எங்கள் குறிப்புக்கு Horizontal போதும். வலமிருந்து இடமாகப் பக்கங்கள் போகும் முழு அரபுக் கிதாபுக்கு Horizontal Reversed கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பக்கம் இடப்புறமும் இரண்டாவது வலப்புறமும் வந்து, வாசிப்பவர் தாளுக்குத் தாள் தடுமாறுவார். இரு புற அச்சில் தாள் கிடைமட்டமாக இருப்பதால் Flip on short edge என்பதையே தேர வேண்டும். நீண்ட விளிம்பைத் தேர்ந்தால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். முதல் எட்டுப் பக்கங்களை மட்டும் இரண்டு தாள்களில் அச்சிட்டுப் புரட்டிப் பார்த்தால் வரிசையும் திசையும் சரியா என்று தெரிந்துவிடும்.

ஜெராக்ஸ் கடையில் இந்தப் பெட்டியை நம் கையில் தருவதில்லை. “பாய், எல்லாத்தையும் சேர்த்து நாலு பக்கமா போட்டுரட்டுமா?” என்று அன்போடுதான் கேட்பார்கள். ஆகவே வீட்டிலேயே, அச்சு இயந்திரத்தின் பெயர் இருக்கும் இடத்தில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்து, இரண்டு பக்கங்கள் சேர்ந்த 48 பக்கக் கோப்பாக மாற்றி எடுத்துச் செல்கிறேன். கடையில் சொல்ல வேண்டியது இரு புற அச்சு, சிறிய விளிம்பில் திருப்பம் என்பவை மட்டுமே.

மொத்தமாக அச்சிடும் முன் ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கிவிடுவேன். முதல் பக்கத் தாள் அன்று. ஷத்து ஸேர் மிகுந்த, எழுத்து நெருங்கிய பக்கம் உள்ள தாள். அளவுகோலால் முழு வரி ஒன்றை அளந்தால் சுருக்கம் தெரியும். மூலத்தில் 159 மில்லிமீட்டர் இருந்த வரி 120 இருந்தால் சரி. 108தான் இருக்கிறது என்றால் வெட்டாத பழைய கோப்பு அச்சாகியிருக்கிறது என்று பொருள். பிறகு வாசிக்கச் சொல்ல வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உண்ணும் முன் ஓதும் துஆவைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பிள்ளை தாளைப் பாராமலேயே சொல்லிவிடும். மனப்பாடமானது எழுத்தின் குறையை மறைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே வாசிப்புப் பயிற்சியில் உள்ள, இதுவரை கற்பிக்காத சொற்களின் வரிசையைக் கொடுப்பேன். தயங்காமல் வாசித்தால் அளவு போதும். தாளை முகத்தருகே இழுத்தால் போதாது. இந்தச் சோதனையை மக்தப் நடக்கும் அறையில், அதே மாலை வெளிச்சத்தில் செய்வது அவசியம். கடை வாசலின் வெயிலில் எல்லாம் தெளிவாகவே தெரியும்.

அளவு சரியாக இருந்தும் ஹரகத் மங்குவது உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் நிறம். எங்கள் குறிப்பில் ஹரகத்தைச் சிவப்பில் எழுதியிருந்தார்கள், திரையில் அழகு. கருப்பு மை மட்டும் உள்ள லேசர் இயந்திரம் சிவப்பைச் சாம்பலாகவே அச்சிட முடியும். சாம்பல் நிற மை என்று ஒன்று அதனிடம் இல்லை. கரும்புள்ளிகளை இடைவெளி விட்டுத் தூவியே சாம்பலைக் காட்டுகிறது. தலைப்பு போன்ற பெரிய எழுத்தில் இந்தத் தூவல் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் ஸபரில் மூன்று நான்கு புள்ளிகளே விழுந்து, கோடு துண்டு துண்டாகிவிடும். கைபேசிக் கேமராவை நெருக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடா, புள்ளித் தொடரா என்பது தெளிவாகத் தெரியும். அச்சு இயந்திரங்கள் பலவற்றின் அமைப்பில் Print all text as black என்ற விருப்பம் இருக்கிறது. அதைக் குறித்தால் எழுத்து எந்த நிறமாயினும் முழுக்கருப்பில் விழும். மை சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே மங்கல் வரும். அதை நிறுத்தச் சொல்ல வேண்டும். வருடிய நூலாக இருந்தால் இந்த விருப்பம் பயன்படாது, ஏனெனில் அங்கே எழுத்தும் படமே. பழுப்பேறிய தாளின் நிறமும் சேர்ந்து பின்னணி முழுவதும் புள்ளி தூவும். அப்புள்ளிகளுக்கு இடையே நுக்தா எது, தூசி எது என்று பிரித்தறிவது கடினம். அத்தகைய நூலை நான் சுருக்கி அச்சிடுவதே இல்லை.

தாளின் கனமும் இங்கே வந்து சேர்கிறது. இரு புற அச்சில் 70 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கத்து மை லேசாக ஊடுருவித் தெரிகிறது. தமிழுக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவே. அரபில் பின்பக்கத்தின் நிழல் ஒரு நுக்தாவாகக் கண்ணுக்குப் படலாம். 80 ஜிஎஸ்எம் தாளுக்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்கில் எழுதியே கொடுத்தேன். ஜமாஅத்தில் எவரும் மறுக்கவில்லை.

பிள்ளைகளின் படிகள் இவ்வாறு முடிந்தன. பெண்களுக்கான வாராந்திர வகுப்பிலும் இதே குறிப்பைக் கேட்டார்கள். என் உம்மாவும் அதில் ஓதுகிறார். மாதிரித் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “தமிழு தெரியுது வாப்பா, மேல இருக்குற கோடுதான் தெரியல” என்றார். அந்த வகுப்பில் அறுபதைக் கடந்தவர்கள் ஏழு பேர். அவர்களுக்கு மட்டும் ஓரம் வெட்டிய அதே கோப்பை இரு புறமும், புறத்துக்கு ஒரு பக்கமாக Fit கொடுத்து அச்சிட்டேன். ஓரம் போனதால் எழுத்து மூலத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 108 விழுக்காட்டில் வந்தது. ஆளுக்கு 48 தாள்கள், ஏழு பேருக்கு 336. பிள்ளைகளின் 576-ஐ அடுத்த வரியில், காரணத்துடன், அதையும் கணக்கேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.